விழுந்ததாம், விழுந்திருக்கும், விழுந்ததாகக் கூறப்படுகிறது: பிரெஞ்சுக் கோந்திஸியொனேல் வடிவின் தமிழ், ஆங்கிலப் பெயர்ப்பு

ஆய்வுச் சுருக்கம்

பிரெஞ்சு மொழியின் கோந்திஸியொனேல் என்னும் வினைவடிவம் நிபந்தனைத் தொடர்களில் மட்டுமன்றி, உறுதிப்படாத செய்தியைக் கூறவும் பயன்படுகிறது. இவ்விரண்டாம் வழக்கைத் தமிழில் பெயர்ப்போர், ஆங்கிலத்தின் வழியே சென்று, பிறர் கூற்றைத் தம் ஊகமாக மாற்றிவிடுகின்றனர். 2016ஆம் ஆண்டு தாம்பரத்திலிருந்து புறப்பட்டுக் காணாமற்போன விமானப்படை விமானம் பற்றிய செய்தியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இப்பிழை எழும் இடத்தையும் அதனை இனங்காணும் வழியையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பிரான்சில் புகலிடம் கோரும் ஈழத்தமிழர் பெறும் முடிவாணைகளைத் தமிழாக்குவதில் இதே சிக்கல் கொள்ளும் வடிவமும் ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: பிரெஞ்சு–தமிழ் மொழிபெயர்ப்பு, கோந்திஸியொனேல், கேள்விப்பொருள் ‘ஆம்’, ஊகப்பொருள், செய்தித் தமிழ்

முன்னுரை

2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை காலை 8.30 மணியளவில் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஏஎன்-32 வகை விமானம் ஒன்று போர்ட் பிளேருக்குப் புறப்பட்டது. அதில் 29 பேர் இருந்தனர். வங்கக்கடலின் மேல் பறந்துகொண்டிருந்தபோது அதனுடனான தொடர்பு அறுந்தது. கடற்படை, கடலோரக் காவற்படை, விமானப்படை ஆகியவை நீண்ட தேடலில் ஈடுபட்டும் விமானம் கிடைக்கவில்லை. அந்நாளில் ஒரு செய்தியாளர் உறுதியாகச் சொல்லக்கூடியது விமானம் புறப்பட்டது, தொடர்பு அறுந்தது என்னும் இரண்டை மட்டுமே. அது கடலில் விழுந்தது என்பதை எவரும் பார்த்திருக்கவில்லை. ஆயினும் எல்லோரும் அதையே பேசினர்.

இத்தகைய நிலைக்குப் பிரெஞ்சு இதழியலில் ஆயத்தமாக ஒரு வினைவடிவம் உண்டு. ‘லப்பரேய் ஸ ஸெரே அபிமே ஆன் மேர்’ என்று எழுதினால் போதும். ‘ஸெரே’ என்னும் துணைவினை வடிவமே, விமானம் கடலில் விழுந்ததாகச் சொல்லப்படுகிறது, இவ்விதழ் அதற்குப் பொறுப்பேற்கவில்லை என்னும் பொருளைத் தந்துவிடும். ‘கூறப்படுகிறது’ போன்றதொரு தனிச்சொல் தேவையில்லை. ‘ஸெரே’ இருந்த இடத்தில் ‘ஏ’ என்னும் நிகழ்கால வடிவத்தை வைத்து ‘ஸே தபிமே’ என எழுதினால் செய்தி உறுதியாகிவிடும். ஓர் அசையின் வேறுபாடே வதந்தியையும் செய்தியையும் பிரிக்கிறது. (இங்கும் கீழேயும் காட்டப்படும் பிரெஞ்சுத் தொடர்கள் பகுப்பாய்வுக்காக அமைக்கப்பட்டவை, எந்த நாளிதழிலிருந்தும் எடுக்கப்பட்டவையல்ல.)

பெயரால் எழும் மயக்கம்

கோந்திஸியொனேல் என்பதனை ‘நிபந்தனை வடிவம்’ எனப் பெயர்ப்பது வழக்கம். அப்பெயரிலேயே முதல் மயக்கம் தொடங்குகிறது. தமிழ் இலக்கணத்தில் நிபந்தனை எச்சம் எனப்படுவது ‘வந்தால்’, ‘பெய்திருந்தால்’ போன்று நிபந்தனையைச் சுமக்கும் வினை. பிரெஞ்சில் நிலைமை நேர்மாறானது. ‘ஸி’ என்னும் சொல்லால் தொடங்கும் நிபந்தனைத் தொடரில் கோந்திஸியொனேல் வருதல் வழுவாகும். அங்கு நிற்பது இறந்தகால வடிவம். கோந்திஸியொனேல் வருவது அதன் விளைவைக் கூறும் முதன்மைத் தொடரில். ஆகவே ‘மழை பெய்திருந்தால் ஏரி நிரம்பியிருக்கும்’ என்னும் தொடரில் அவ்வடிவத்துக்கு ஈடாக நிற்பது ‘பெய்திருந்தால்’ அன்று, ‘நிரம்பியிருக்கும்’ என்பதே.

வடிவத்தின் அமைப்பை நோக்கினாலும் இது தெளிவாகும். எதிர்கால அடியோடு, தொடர் இறந்தகாலத்துக்குரிய ஈறு சேர்ந்தே கோந்திஸியொனேல் உருவாகிறது. இறந்தகாலத்தில் நின்று எதிர்காலத்தை நோக்குவது அதன் அடிப்படைப் பணிகளுள் ஒன்று. ‘வருவதாகச் சொன்னான்’ என்பதில் உள்ள ‘வருவதாக’ அதற்கு இயல்பான தமிழ். இக்காரணத்தால் இன்றைய பிரெஞ்சு இலக்கண ஆசிரியர் பலர் அதனைத் தனி வினைநோக்காகக் கொள்ளாது காலவடிவங்களுள் ஒன்றாகவே வைக்கின்றனர். பணிவு காட்டும் வழக்கும் அதற்கு உண்டு. ஆனால் ‘ஒரு காப்பி கிடைக்குமா’ என்று கேட்கத் தமிழனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை என்பதால் அது மொழிபெயர்ப்பில் பெரிதும் இடர் தருவதில்லை.

இடர் தருவது செய்தியிதழ் வழக்கே. பாட்ரிக் தாந்தால் என்னும் மொழியியலாளர் 1993இல் வெளியிட்ட கட்டுரை இவ்வழக்கை மூன்று கூறுகளாகப் பிரித்துக் காட்டியது. செய்தி பிறரிடமிருந்து பெறப்பட்டது, அது உறுதிப்படாதது, அதனை எழுதுபவர் தம் பொறுப்பாக ஏற்கவில்லை. இம்மூன்றனுள் எது முதன்மையானது என்பதே அக்கட்டுரை எழுப்பிய வினா. தாந்தால் முதன்மை அளித்தது செய்தியின் மூலத்துக்கு, அதாவது ‘பிறரிடமிருந்து பெற்றது’ என்னும் கூறுக்கு. அலெக்சாண்டிரா ஐகன்வால்டு 2004இல் வெளியிட்ட நூலோ, பிரெஞ்சு வடிவம் சான்றுமூலத்தைக் காட்டுவதற்கென்றே அமைந்த இலக்கணக் கூறன்று, வேறு பணிக்குரிய வடிவம் அப்பணிக்கும் எடுத்தாளப்படுவது என வகுக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு இவ்வேறுபாடு பயன்தருவது. ஒரே வடிவம் பல பணிகளைச் செய்வதால், எந்தத் தொடரில் எந்தப் பணி என்று ஒவ்வோரிடத்திலும் முடிவுசெய்தாக வேண்டும்.

ஆங்கிலத்தின் வழியே வரும் பிழை

சென்னைப் பல்கலைக்கழக முறையைப் பின்பற்றும் கல்லூரிகளில், தாம்பரம் முதலிய தென்புறநகர்க் கல்லூரிகள் உட்பட, பிரெஞ்சு என்பது பகுதி ஒன்றில் தமிழுக்கு மாற்றாக எடுக்கப்படும் மொழியாகும். பிரெஞ்சைத் தேர்ந்தவர் அப்பகுதியில் தமிழைப் பயில்வதில்லை. அவருக்குப் பிரெஞ்சு இலக்கணம் ஆங்கிலத்தின் வாயிலாகவே விளக்கப்படுகிறது. பின்னாளில் அவர் பிரெஞ்சிலிருந்து தமிழுக்குப் பெயர்க்க முற்படும்போது, மனத்துக்குள் முதலில் ஓர் ஆங்கிலத் தொடர் உருவாவது இதன் இயல்பான விளைவு.

‘ஸ ஸெரே அபிமே’ என்பதற்கு அவர் மனத்தில் எழும் ஆங்கிலம் ‘வுட் ஹாவ் கிராஷ்டு’ என்பது. பாடநூல் அட்டவணை கோந்திஸியொனேலுக்கு நேராக ‘வுட்’ என்றே காட்டியிருக்கும். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ செய்தி எழுதுபவர் இவ்வாறு எழுதமாட்டார். ஆங்கிலத்தில் ‘வுட்’ என்பதற்குப் பிறர் கூற்றை அறிவிக்கும் பொருள் இல்லை. படிப்பவர் ‘எது நடந்திருந்தால் விழுந்திருக்கும்’ என்று விடுபட்ட நிபந்தனையைத் தேடுவார். ஆனால் சென்னையில் இந்த ஆங்கிலம் உறுத்துவதில்லை. ‘இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பான்’ என்னும் தமிழ் ஊகத்தைக் கூற இங்குள்ளோர் ‘ஹி வுட் ஹாவ் கான்’ என்றே அன்றாடம் பேசுகின்றனர். எனவே ‘வுட் ஹாவ் கிராஷ்டு’ என்பது ஊகமாகவே காதில் விழுந்து, ‘விமானம் கடலில் விழுந்திருக்கும்’ என்று தமிழாகிவிடுகிறது. தொடர் இலக்கண வழுவற்றது. பொருள் மட்டுமே மாறிவிட்டது. பிரெஞ்சு எழுத்தாளர் பிறர் சொன்னதைச் சொன்னார். தமிழ் எழுத்தாளர் தாமே ஊகிக்கிறார்.

பிழையை இனங்காண இரண்டு சோதனைகள் உதவும். முதலாவது, தொடரைக் கேட்பவர் எழுப்பும் வினா. ‘விழுந்திருக்கும்’ என்றால் ‘எதை வைத்துச் சொல்கிறாய்?’ என்று கேட்பார். ‘விழுந்ததாம்’ என்றால் ‘யார் சொன்னது?’ என்பார். பிரெஞ்சுச் செய்தித்தொடர் எழுப்புவது இரண்டாம் வினாவையே. மற்றொன்று மறுப்புச் சோதனை. ‘விமானம் கடலில் விழுந்ததாம், நான் நம்பவில்லை’ என்பது இயல்பான பேச்சு. ‘விமானம் கடலில் விழுந்திருக்கும், நான் நம்பவில்லை’ என்பது முரண். பிரெஞ்சுத் தொடரின் பின் ‘ஆனால் இராணுவம் இதனை மறுக்கிறது’ என்று தடையின்றிச் சேர்க்கலாம். எழுதுபவர் எதையும் ஊகித்துரைக்காததால் முரண்பட ஒன்றுமில்லை.

பிரெஞ்சிலும் ‘விழுந்திருக்கும்’ என்னும் ஊகத்துக்குத் தனி வடிவங்கள் உண்டு. முன்னெதிர்கால வடிவம் ஒன்று. ‘தவ்வார்’ என்னும் துணைவினையைச் சேர்த்து ‘ஆ தூ’ என்று கூறுவது மற்றொன்று. அவை கண்ணெதிரே இருக்க, கோந்திஸியொனேலை ஊகமாகப் பெயர்ப்பது, மூலமொழி வேறுபடுத்திய இரண்டை இலக்குமொழியில் ஒன்றாக்குவதாகும். தமிழும் அவ்விரண்டையும் வேறுபடுத்தும் மொழி என்பதால் இவ்விழப்புக்கு மொழியின்மீது பழிசுமத்த இயலாது.

ஆங்கிலம் நேர்வழியில் பெயர்க்கும்போது வேறொரு விலை கொடுக்கிறது. ‘ரிப்போர்ட்டட்லி’ என்றால் எவரோ அறிவித்திருக்க வேண்டும். ‘அலெஜட்லி’ என்றால் குற்றச்சாட்டு ஒன்று இருக்க வேண்டும். ‘இஸ் பிலீவ்டு டு’ என்றால் எவரோ நம்ப வேண்டும். மூலம் எத்தகையது என்பதை அறிந்தாலன்றி ஆங்கிலச் சொல்லைத் தேர முடியாது. பிரெஞ்சு அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடும். விமானம் கடலில் விழுந்தது என்னும் செய்திக்கு ‘அலெஜட்லி’ எழுதினால், எவரோ அதை வேண்டுமென்றே வீழ்த்தியதாக ஐயம் தொனிக்கும்.

‘ஆம்’ என்னும் இடைச்சொல்

கோந்திஸியொனேலின் செய்தியிதழ் வழக்குக்கு மிக நெருங்கிய தமிழ் வடிவம் வினைமுற்றின் இறுதியில் ஒட்டும் ‘ஆம்’ என்பதே. தாமஸ் லேமன் 1989இல் வெளியிட்ட தற்காலத் தமிழ் இலக்கணத்தில் இது பிறர் கூற்றை உணர்த்தும் ஒட்டாக விளக்கப்படுகிறது. பிரெஞ்சு வடிவத்தைப் போலவே இதுவும் மூலத்தைப் பெயரிட்டுச் சொல்வதில்லை; அதைப் போலவே ஓர் அசையில் பணியை முடிக்கிறது. இலக்கண அமைப்பை மட்டும் பார்த்தால் ஆங்கிலத்தைவிடத் தமிழே பிரெஞ்சுக்கு அணுக்கமானது. ஆங்கில வழியே சுற்றிவருவதன் இழப்பு இதனால் இன்னும் கூடுதலாகத் தெரிகிறது.

ஆயினும் செய்தித் தமிழில் ‘ஆம்’ எழுத இன்று எந்தத் துணையாசிரியரும் தயங்குவார். தயக்கம் நியாயமானதே. ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்’ என்று கதை சொல்லும்போது அது ஐயத்தைக் காட்டுவதில்லை. கதைக்குரிய தொலைவை மட்டுமே காட்டுகிறது. திரைப்படக் கிசுகிசுப் பகுதியில் ‘இருவரும் பேசிக்கொள்வதில்லையாம்’ என்று வரும்போது வம்பின் சுவை சேர்கிறது. வாக்குவாதத்தில் ‘இவர் பெரிய அறிவாளியாம்’ என்றால் ஏளனம். கதை, வம்பு, ஏளனம் ஆகிய மூன்று வாடையும் ஒட்டியிருக்கும் ஒரு சொல்லை 29 பேருடன் காணாமற்போன விமானத்தின் செய்தியில் எழுதினால், அவர்தம் குடும்பத்தார் அதனை எவ்வாறு படிப்பர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சு வடிவத்துக்கு இவ்வாடைகள் இல்லை. நாட்டின் தலைவர் நோயுற்றிருக்கிறார் என்னும் உறுதிப்படாத செய்தியையும் அது சிறிதும் நகைப்பின்றிக் கூறும்.

பழந்தமிழில் நிலை வேறு. தொல்காப்பியம் ‘என்ப’ என்றும் ‘என்மனார் புலவர்’ என்றும் கூறும்போது பிறர் கூற்றே சுட்டப்படுகிறது. ஆனால் அக்கூற்று நூலாசிரியரின் பொறுப்பைக் குறைக்கவில்லை, மரபின் வலிமையைக் கூட்டுகிறது. பிறர் சொன்னது என்பதும் நான் ஏற்கவில்லை என்பதும் வெவ்வேறு பொருள்கள் என்பதற்குத் தமிழ் மரபிலேயே இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. தாந்தால் பிரித்துக் காட்டிய கூறுகள் ஒரே வடிவில் எப்போதும் சேர்ந்தே வரவேண்டும் என்பதில்லை.

நடைக்கு அப்பால் ‘ஆம்’ என்பதற்குத் தொடரியல் தடை ஒன்றும் உண்டு. அது வினைமுற்றோடும் பெயர்ப்பயனிலையோடும் சேரும், பெயரெச்சத்தோடு சேராது. ‘விமானம் 29 பேரை ஏற்றிச்சென்றதாம்’ என்பது சரி. ‘29 பேரை ஏற்றிச்சென்ற விமானம்’ என்னும் தொடரின் பெயரெச்சத்துக்குள் ‘ஆம்’ நுழைய வழியில்லை. பிரெஞ்சில் அத்தடை இல்லை. ‘விமானம்’ என்னும் பெயரை அடுத்து வரும் கிளைத்தொடரில் ‘த்ரான்ஸ்போர்தே’ என்றால் ஏற்றிச்சென்றது உறுதி. ‘த்ரான்ஸ்போர்த்தரே’ என்றால் ஏற்றிச்சென்றதாகச் சொல்கிறார்கள் என்று பொருள். கிளைத்தொடர் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் வினை தன் குறியைத் தானே சுமக்கும். தமிழில் இதற்கு ‘29 பேரை ஏற்றிச்சென்றதாகக் கூறப்படும் விமானம்’ என்று விரித்தே ஆகவேண்டும்.

ஒரு செய்தியின் தமிழாக்கம்

இத்தொடரியல் வேறுபாடு நடைமுறையில் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை மேற்கண்ட நிகழ்ச்சியைக் கொண்டே காணலாம். விமானம் காணாமற்போன முதல் சில மணி நேரத்தில் எழுதப்படும் ஒரு பிரெஞ்சுச் செய்தியைக் கொள்க. விமானம் காலையில் தாம்பரத்திலிருந்து புறப்பட்டது என்பது அறுதி வடிவில் வருகிறது. அதில் இருந்தவர் எண்ணிக்கை இன்னும் உறுதிப்படாததால் கிளைத்தொடரில் ‘த்ரான்ஸ்போர்த்தரே’ வருகிறது. ரேடாரிலிருந்து மறைந்தது என்பது மீண்டும் அறுதி வடிவம். கடலில் விழுந்தது என்பதற்கு ‘ஸெரே’. இரண்டு உறுதிகளும் இரண்டு உறுதியின்மைகளும் மாறிமாறி வருகின்றன.

இதனைச் செய்தித் தமிழின் பழகிய வார்ப்பில் ஊற்றினால் பின்வருமாறு அமையும்: ‘தாம்பரத்திலிருந்து 29 பேருடன் புறப்பட்டுச் சென்ற விமானம் ரேடாரிலிருந்து மறைந்து கடலில் விழுந்ததாகக் கூறப்படுகிறது.’ படிக்க ஒழுங்காக இருக்கும் இத்தொடர் மூலத்தைத் தலைகீழாக்கிவிட்டது. உறுதிப்படாத 29 என்னும் எண் பெயரெச்சத் தொடருக்குள் புகுந்து ஐயமற்ற உண்மையாகிவிட்டது. உறுதியான ‘மறைந்தது’ என்பது வினையெச்சமாகி, இறுதியில் நிற்கும் ‘கூறப்படுகிறது’ என்பதன் ஆளுகைக்குள் சென்று வதந்தியாகிவிட்டது. வினையெச்சங்களைக் கோத்து ஒரே முற்றில் முடிப்பது தமிழ் உரைநடையின் அழகு. இங்கே அவ்வழகே கேடு செய்கிறது.

ஏற்புடைய தமிழாக்கம் தொடரை உடைத்தாக வேண்டும்: ‘விமானம் காலையில் தாம்பரத்திலிருந்து புறப்பட்டது. 29 பேர் இருந்ததாகக் கூறப்படும் அவ்விமானம் ரேடாரிலிருந்து மறைந்துவிட்டது. அது கடலில் விழுந்ததாகச் சொல்லப்படுகிறது.’ மூலத்தின் சிக்கனம் போய்விட்டது. எது உறுதி, எது உறுதியன்று என்னும் வரிசை நின்றது. இரண்டில் ஒன்றையே காக்க முடியும் என்றால் காக்கத்தக்கது பின்னதே.

‘கூறப்படுகிறது’ அடுத்தடுத்து வருவது செவிக்கு இனிதன்று. அதனைத் தவிர்க்க இதழ்கள் கையாளும் மாற்றுகள் எல்லாம் ஒரு பொருளன என்று கொள்வது தவறு. ‘விழுந்ததாகத் தெரிகிறது’ என்றால் எழுதுபவர் பாதி ஏற்றுக்கொண்டுவிட்டார். ‘விழுந்ததாக நம்பப்படுகிறது’, ‘கருதப்படுகிறது’ என்பன கேள்வியைவிடக் கருத்தையே முன்வைக்கின்றன. ‘உறுதிப்படுத்தப்படாத தகவல்கள் கூறுகின்றன’ என்பது பொருளால் மிக அணுக்கமானது. ஆனால் பிரெஞ்சில் ஓர் அசையாக இருந்த எச்சரிக்கை இங்கு முழக்கமாகிவிடுகிறது. ஒரு செய்தியில் ஒருமுறை அதனைக் கூறி, பின்னர் ‘ஆக’ ஈற்று வடிவங்களால் தொடர்வது தக்கது. ‘ஆக’ ஈற்றின் பயன் வேறொன்றும் உண்டு. ‘இருப்பதாக’, ‘விழுந்ததாக’, ‘அறிவிக்கவிருப்பதாக’ என்று காலம் காட்டும் வினையடிகளை அது ஏற்பதால், பிரெஞ்சு வடிவம் நிகழ்வது, நடந்தது, நடக்கவிருப்பது ஆகிய மூன்றில் எதனைச் சுட்டினாலும் தமிழில் ஈடு கிடைக்கிறது.

இதே விமானத்தின் பிற்காலச் செய்திகள், எங்கெல்லாம் இவ்வடிவம் பொருந்தாது என்பதையும் காட்டுகின்றன. 2016 செப்டம்பரில் விமானத்தில் இருந்த 29 பேரும் இறந்தவர்களாகக் கொள்ளப்படுவதாக அறிவிக்கப்பட்டது. இது கேள்விச்செய்தியன்று, சட்டத்தின் பொருட்டு எடுக்கப்பட்ட முடிவு. பிரெஞ்சிலும் இதற்கு ‘பிரேஸுய்மே மோர்’ என்னும் எச்சத்தொடரே உரியது, கோந்திஸியொனேல் அன்று. ‘இறந்ததாகக் கூறப்படுகிறது’ என்று தமிழாக்கினால் அரசின் முடிவு ஊர்ப்பேச்சாகிவிடும். ‘இறந்தவர்களாகக் கொள்ளப்படுகின்றனர்’ என்பதே பொருந்தும்.

2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் மற்றோர் அறிவிப்பை வெளியிட்டது. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையில் அமைந்துள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் ஒன்றைக் கடலடிக்கு அனுப்பியிருந்தது. சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அது எடுத்த படங்களில் காணப்பட்ட சிதைவுகள் ஏஎன்-32 விமானத்தோடு ஒத்திருந்தன. அப்பகுதியில் வேறெந்த விமானமும் காணாமற்போனதாகப் பதிவில்லை என்பதால், அவை தாம்பரத்து விமானத்தினுடையவையாக இருக்கக்கூடும் என்பது அமைச்சகம் கண்ட முடிவு. ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் கழித்தும் அறுதி வடிவம் வரவில்லை. ஆனால் உறுதியின்மையின் வகை மாறிவிட்டது. 2016இல் கேள்வி, 2024இல் சான்றிலிருந்து பெற்ற அனுமானம். ‘யார் சொன்னது?’ என்னும் வினா போய், ‘எதை வைத்து?’ என்னும் வினா வந்துவிட்டது.

இவ்விடத்தில் பிரெஞ்சில் ‘புர்ரே’ என்னும் வடிவம் வரக்கூடும். இதுவும் கோந்திஸியொனேலே. எனினும் அது ‘முடியும், கூடும்’ எனப் பொருள்படும் துணைவினையின் வடிவம். அவ்வடிவம் இங்கே அக்கூடுமையைத் தணித்துரைக்கிறதேயன்றிப் பிறர் கூற்றைச் சுட்டவில்லை. ஈற்றைக் கண்டவுடன் ‘கூறப்படுகிறது’ என்று எழுதப் பழகிய கை இங்கே தவறும். ‘இருக்கக்கூடும்’ என்பதே அதன் தமிழ்.

புகலிட முடிவாணைகள்

செய்தியில் நேரும் பிழை மறுநாள் திருத்தப்படலாம். அவ்வாறு திருத்த இயலாத ஆவணங்களிலும் இவ்வடிவம் இடம்பெறுகிறது. 1980களிலிருந்து பிரான்சில் புகலிடம் கோரிவரும் ஈழத்தமிழர்களின் விண்ணப்பங்களை ஆராய்வது, 1952இல் நிறுவப்பட்ட அகதிகள், நாடற்றோர் பாதுகாப்புக்கான பிரெஞ்சு அலுவலகம். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் தேசியப் புகலிட உரிமை நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய ஒரு மாதம் உண்டு. விண்ணப்பதாரர் கூறிய வரலாற்றை ஆணையில் எழுதும்போது கோந்திஸியொனேலைக் கையாளும் வழக்கம் பிரெஞ்சு நிருவாக நடையில் உள்ளது. ‘இல் ஓரே எதே அரெத்தே’ என்றால், அவர் கைதுசெய்யப்பட்டதாகக் கூறுகிறார், இவ்வலுவலகம் அதனை ஏற்றதாகக் கொள்ள வேண்டாம் என்பது பொருள். பொய் என்று அது சொல்வதில்லை. மெய் என்று ஏற்கவுமில்லை.

இத்தகைய ஆணையை வாய்மொழியாகவோ எழுத்திலோ தமிழாக்குபவர் முன் மூன்று வழிகள் உள்ளன. ‘கைதுசெய்யப்பட்டாராம்’ என்றால், உடலில் வடுவோடு நிற்பவரை அலுவலகம் ஏளனம் செய்வதாக ஒலிக்கும். ஆணையில் ஏளனம் இல்லை. ‘கைதுசெய்யப்பட்டிருப்பார்’ என்றால் அலுவலகமே அவ்வாறு ஊகித்து அவர் பக்கம் சாய்ந்துவிட்டதாகப் பொருள்படும். கேட்பவர் வீணே நம்பிக்கை கொள்வார். ‘கைதுசெய்யப்பட்டார்’ என்று நேராகச் சொல்வது எளியது, அடிக்கடி நிகழ்வது, மூன்றிலும் தீங்கானது. அலுவலகம் ஏற்றுக்கொண்டதாகவே விண்ணப்பதாரர் எண்ணிவிடுவார்.

தமிழில் இதற்கு வேறொரு வழி உண்டு: ‘தாம் கைதுசெய்யப்பட்டதாக விண்ணப்பதாரர் கூறுகிறார்.’ மூலத்தில் ‘கூறுகிறார்’ என்னும் வினை இல்லை. ஆயினும் செய்தியில் காலியாக இருக்கும் மூலத்தின் இடம் ஆணையில் காலியாக இல்லை. விண்ணப்பதாரரைத் தவிர வேறெவரும் அதனைச் சொல்லியிருக்க முடியாது. ஆகவே வினையைச் சேர்ப்பது கூடுதல் பொருளைச் சேர்ப்பதாகாது. ‘தாம்’ என்னும் தற்சுட்டுப் பெயரின் பணியும் இங்குக் குறிக்கத்தக்கது. அது ‘கூறுகிறார்’ என்பதன் எழுவாயையே சுட்டுவதால், கூற்று எவருடையது என்பதும் நிகழ்ச்சி எவருக்கு நேர்ந்தது என்பதும் ஒருங்கே விளங்குகின்றன. பிரெஞ்சின் ‘இல்’ என்னும் படர்க்கைப் பெயர் இதனைச் செய்ய இயலாது; ஆங்கிலத்தின் ‘ஹி’ என்பதும் இயலாது. மூலத்தில் இல்லாத தெளிவைத் தமிழ் தரும் இடம் இது. அத்தெளிவு விண்ணப்பதாரருக்குப் பயன்படுவது.

எவ்வாறு பயன்படும் என்பதற்கு ஆணையின் கட்டமைப்பே விடை. ஒரே பத்தியில் ‘விண்ணப்பதாரர் இலங்கைக் குடிமகன், தமிழர்’ என்பது அறுதி வடிவில் நிற்க, கைது, தடுப்புக்காவல், தப்பி வந்தது ஆகியவை கோந்திஸியொனேலில் நிற்கலாம். அறுதி வடிவில் உள்ளவற்றுக்கு மேலும் சான்று திரட்டுவது வீண்முயற்சி. கோந்திஸியொனேலில் உள்ள ஒவ்வொரு வினையும் மேல்முறையீட்டில் சான்று காட்ட வேண்டிய ஓரிடத்தைச் சுட்டுகிறது: கைதுக்குச் சாட்சியமோ, காயத்துக்கு மருத்துவச் சான்றோ, பயணத்துக்கு ஆவணமோ. எல்லாவற்றையும் ஒரே ‘கூறப்படுகிறது’ என்பதன்கீழ்க் கொண்டுவந்த தமிழாக்கத்திலும், எல்லாவற்றையும் அறுதி வடிவில் தந்த தமிழாக்கத்திலும் அவ்விடங்கள் மறைந்துபோகின்றன. வழக்கறிஞரிடம் ஆணையைப் பிரெஞ்சில் காட்டும்வரை விண்ணப்பதாரர் அதனை அறியமாட்டார். ஒரு மாதத்தில் அதற்குள் எத்தனை நாள் கழிந்திருக்கும் என்பது அவரவர் நிலையைப் பொறுத்தது.